நன்றியோடு ஒரு கேள்வி

மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்த ஜவுளிக்கடைக்குச் சேலை நிறங்களைத் தேர்ந்து கொடுப்பவள் யாழினி. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் பதிலெல்லாம் முதலாளி ரகுநந்தன் பெயரில் போகும்.

ஒரு சேலைப் படத்தின் கீழே ஸ்ரீரங்கத்துப் பூமா என்பவர் எழுதியிருந்தார்: "கத்திரிப்பூ நிறத்துக்கு இப்படியொரு பச்சைக் கரை. உங்க ரசனையே தனி சார்."

ரகுநந்தன் "மிக்க நன்றி மேடம்" என்று அடித்துவிட்டு, அனுப்பாமல் போனை யாழினியிடம் நீட்டினார். "வறட்சியா இருக்கு. மனசாரச் சொன்ன மாதிரி இருக்கணும், அவங்களும் மேல பேசணும். மாத்திக் குடும்மா."

அவள் மாற்றி எழுதினாள்: "கரையைக் கவனிச்சுச் சொன்னதுக்கு நன்றி. அந்தப் பச்சை எடுபடுமான்னு கடைசிவரை பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க இதை எந்த விசேஷத்துக்குக் கட்டுவீங்க?"

பயந்தவள் அவள்தான்.

"நான் நினைச்சதை அப்படியே எழுதிட்டே" என்று சொல்லி, அதை அனுப்பினார் ரகுநந்தன்.

மகள் கல்யாணத்துக்கு என்று பூமா பதில் எழுதினார். பேச்சு வளர்ந்து, முகூர்த்தச் சேலை எடுக்கக் கடைக்கே வந்துவிட்டார்.

"பயந்ததை மறைக்காம எழுதினீங்களே, அதுக்காகத்தான் உங்ககிட்டயே வந்தேன்" என்றார் ரகுநந்தனிடம்.

ரகுநந்தன் கைகூப்பினார். "யாழினி, மேடத்துக்குக் காபி சொல்லும்மா."

அவள் திரும்பி வந்தபோது, அரக்குச் சேலைக்கு முதலாளி ஒரு நீலக் கரையைக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் சேராது என்று அவளுக்குத் தெரிந்தது. பூமா சந்தோஷமாகத் தலையாட்டினார். யாழினி அந்தச் சேலைக்கே பில் போடப் போனாள்.