பையில் போட்ட நம்பர்

அன்று கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் தம்பி சின்னதுரை, அவன் மனைவி ஜெகதாம்பாள், அவர்களுடைய ஒரே மகள் நர்மதா, திருச்சியிலிருந்து மாதிரிகளைக் கொண்டுவந்திருந்த பிரசாத், பிறகு மூத்தவன் என்ற முறையில் நடராசனாகிய நான். ஆறாவதாக ஒருவரும் இல்லை. பின்னால் பலர் தாங்களும் அங்கே இருந்ததுபோலப் பேசுவதால் இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

நாங்கள் மீன்சுருட்டிக்காரர்கள். நான் நிலத்தோடு நின்றுகொண்டேன். தம்பி பெரம்பலூரில் விதைக்கடை வைத்தான். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று வேப்பந்தட்டையிலிருந்து பாடாலூர் வரை அவனிடம் விதை வாங்காத ஊர் குறைவு. ஆடி மாதத்தோடு கடைக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தது. வாடிக்கையாளர் அறுநூறு பேருக்கும் ஏதாவது ஒரு பொருள் கொடுப்பது என்று அப்பனும் மகளும் முடிவு செய்திருந்தார்கள்.

அப்போது தம்பிக்கு வாரம் இரண்டு முறை திருச்சியில் ரத்தச் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் கடையைப் பார்த்தவள் நர்மதா. விவசாயம் படித்தவள். கடையைக் கூட்டு வியாபாரமாக மாற்றி உரிமத்திலும் அவள் பெயரைத் தம்பி சேர்த்துவிட்டான். ஆனால் அது காகிதத்தில் இருந்தது. ஊருக்குக் கடை என்றால் சின்னதுரைதான். தான் இருக்கும்போதே இந்தக் கடை அவளுடையது என்று ஊர் அறிய வேண்டும் என்பது அவனுக்கிருந்த ஒரே கவலை.

பிரசாத் மேசைமேல் மூன்று பொருளைப் பரப்பினார். எட்டு ரூபாய்க்கு ஒரு பேனா. நூற்றுப் பத்து ரூபாய்க்குப் படம் பதித்த பீங்கான் மக்கு. அறுபத்திரண்டு ரூபாய்க்கு அகலக் காது வைத்துத் தைத்த கெட்டிக் காடாத் துணிப்பை.

எனக்கு மக்குதான் பிடித்தது. அதில் எங்கள் தகப்பனார் படத்தைப் போடலாம். வீட்டுக்குள் மரியாதையாக இருக்கும்.

"இருக்கும் பெரியப்பா," என்றாள் நர்மதா. "ஷோகேஸ்ல இருக்கும். நம்ம பக்கம் டீ குடிக்கிறது டம்ளர்லதான். மக்க எடுத்து மேல வச்சிடுவாங்க. பாக்குறது அந்த வூட்டு ஆளுங்க நாலு பேரு. அவங்களுக்கு நம்ம கடைய ஏற்கெனவே தெரியும்."

"அப்ப பேனா குடு. சட்டைப் பையிலயே இருக்கும்."

"மூணு வருசத்துக்கு முன்ன ஆயிரம் பேனா குடுத்தோம். போன மாசம் கடைக்கு வந்த நாப்பது பேர்கிட்ட கேட்டேன். மூணு பேர்கிட்டதான் இருந்துச்சு. அதுல ஒண்ணுதான் எழுதுச்சு."

"அதுவும் என்கிட்ட இருக்கறதுதான்," என்றான் தம்பி. "நான் எழுதறதே இல்லண்ணே. அதான் தீரல."

ஜெகதாம்பாள்கூடச் சிரித்தாள்.

நர்மதா விலையை மட்டும் பார்க்கவில்லை. பொருள் எத்தனை நாள் உழைக்கும், அத்தனை நாளில் அதை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று வகுத்துப் பார்த்திருந்தாள். பேனா விலை குறைவு, ஆனால் இரண்டு மாதத்தில் மை தீரும், இல்லை கைமாறிவிடும். மக்கு உடையாவிட்டால் பத்து வருடம் இருக்கும், ஆனால் வாசல்படி தாண்டாது. பை வாரம் ஒருமுறையாவது சந்தைக்குப் போகும், பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து வரும். மூன்று வருடம் உழைத்தால் ஒரு முறை கண்ணில் படுவதற்கு ஆகும் செலவு பைக்குத்தான் மிகக் குறைவு. பிரசாத் போன முறை விட்டுச்சென்ற மாதிரிப் பையைத் துவைகல்லில் பன்னிரண்டு முறை அடித்துத் துவைத்தும் வைத்திருந்தாள். துணி சற்றுச் சுருங்கியிருந்தது. எழுத்து அப்படியே இருந்தது.

"இதவிட மலிவா, பதினஞ்சு ரூபாய்க்கு ஒரு மெல்லிசுப் பை வருமே?" என்றேன்.

"அது துணி மாதிரி தெரியும், ஆனா பிளாஸ்டிக் சார். நம்ம மாநிலத்துல தடை," என்றார் பிரசாத். "ரெண்டு கிலோ வெங்காயம் போட்டா காதும் பிஞ்சிடும்."

"காது பிஞ்ச பையில கடை பேரு இருந்தா, பேரும் சேந்து பிஞ்ச மாதிரிதான்," என்றாள் நர்மதா.

நான் விடவில்லை. "இந்தப் பையில கறி வாங்கிட்டு வருவான். பாட்டில் வாங்கிட்டு வருவான். நம்ம குடும்பத்துப் பேரு அதுல தொங்கணுமா?"

"கறி வாங்குறவனும் சோளம் வெதைக்கிறவன்தாண்ணே," என்றான் தம்பி.

சரி, பை என்று ஆயிற்று. அதில் என்ன அச்சிடுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. ஒரே நிறத்தில் அச்சிட்டால் ஒரு அச்சுச் சட்டம் போதும், நிறம் கூடக் கூடச் சட்டமும் செலவும் கூடும் என்றார் பிரசாத். பச்சை ஒன்றே போதும் என்றோம். கடைப் பெயர் மேலே, போன் நம்பர் கீழே.

"ரெண்டு நம்பரும் போட்டுடுங்க தம்பி, என்னுது, பாப்பாவுது," என்றான் சின்னதுரை.

"அச்சு விழுற இடம் பத்து அங்குலம்தான் சார். ஒரு நம்பர்னா பஸ்ஸுல எதிர் சீட்டுல இருக்கவனும் படிப்பான். ரெண்டு போட்டா ரெண்டும் சின்னதாயிடும். யாரும் படிக்க மாட்டாங்க."

தம்பி மகளைப் பார்த்தான். "அப்ப பாப்பா நம்பரே போடுங்க. மூணு வருசம் ஓடுற பைங்கறீங்க. நான் மூணு வருசம்..."

"வாய மூடு," என்றேன். "நல்ல காரியம் பேசும்போது என்ன பேச்சு இது?"

"இல்லண்ணே, எடுக்கிற ஆளு நம்பரத்தானே போடணும்?"

"கல்யாணம் ஆவாத பொண்ணு நம்பரு அறுநூறு வூட்டு ஆணியில தொங்கணுமா? கண்டவன் கண்ட நேரத்துல கூப்பிடுவான். அப்பறம் நாளைக்கு ஒரு சம்பந்தம் பேச யாரு வாசல்ல போய் நிக்கறது? பை உங்க இஷ்டம். நம்பரு என் இஷ்டம்."

நர்மதா பிரசாத் முன்னால் என்னை எதிர்த்துப் பேசவில்லை. அந்த மரியாதையை நாங்கள்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தோம். துவைத்த பையை மட்டும் எடுத்து நான்காக மடித்தாள். தம்பி, "அண்ணன் சொல்றபடியே செய்ங்க," என்றான். அவன் என் பேச்சைத் தட்டியதில்லை.

ஆடிப்பெருக்கன்று தம்பி நம்பர் மட்டும் போட்ட பைகளைக் கொடுத்தோம். அவள் கணக்கு சரியாக இருந்தது. ஒரே மாதத்தில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை எழுத்து தெரிந்தது. பையைப் பார்த்துவிட்டுப் புது ஆட்கள் போன் செய்தார்கள். மழைக்கு இத்தனை பாக்கெட் எடுத்துவை என்று தம்பியிடம் சொல்லிவைத்தார்கள். அதை நம்பி நர்மதா வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு மக்காச்சோள விதை இறக்கி, வீட்டுக் கிடங்கில் அடுக்கினாள்.

புரட்டாசி ஆறாம் தேதி தம்பி இறந்தான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் கடைசியாகப் புழங்கிய பொருளைப் பீரோவில் வைத்துப் பூட்டுவோம். கருமாதி முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தகப்பனாருக்கு அவருடைய கைத்தடியையும் வெற்றிலைப் பெட்டியையும் வைத்தோம். தம்பிக்கு மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், போன். நானே போனை அணைத்து வைத்தேன். சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன். கடையையும் பதினாறு நாள் சாத்தச் சொன்னேன்.

நான்காம் நாள் மழை பிடித்தது. நல்ல மழை.

மறுநாள் காலை நர்மதா என்னிடம் வந்தாள். தலை வாரியிருக்கவில்லை.

"பெரியப்பா, கடைய தொறக்க வேணாம். அப்பா போன மட்டும் குடுங்க. நான் உள்ள உக்காந்து பேசிக்கறேன். வூட்டுக் கெடங்குல இருந்து வேன்ல ஏத்தி ஊரூரா அனுப்பிடறேன்."

"அப்பன் செத்து அஞ்சு நாள் ஆவல. அவன் போன்ல நீ யாவாரம் பேசுவியா?"

"ஈரம் காயறதுக்குள்ள வெதைக்கணும் பெரியப்பா. பத்து நாள் விட்டா வேற கடைக்குப் போயிடுவாங்க. என் நம்பரு அவங்க யாருகிட்டயும் இல்ல."

"ஊரு என்ன பேசும்னு தெரியுமா?"

"அப்பா இருந்தா குடுத்திருப்பாரு," என்றாள்.

ஜெகதாம்பாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "குடுத்துடுங்க மாமா," என்றாள் மெதுவாக. அந்த வீட்டுக்கு வந்த முப்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நான் கொடுக்கவில்லை.

கருமாதி முடிந்து பீரோவைத் திறந்தோம். நர்மதா போனை உயிர்ப்பித்து மேசைமேல் வைத்தாள். தவறிய அழைப்புகளுக்கான செய்திகள் வரத் தொடங்கின. போன் மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை. கீழே விழும் நேரத்தில் ஜெகதாம்பாள் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அங்கேயும் அது நெடுநேரம் அதிர்ந்தது.

நர்மதா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். வேப்பந்தட்டைப் பிச்சைமுத்து தம்பிக்குப் பழைய வாடிக்கை. அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"நாலு நாளா அடிச்சேன் பாப்பா. சுவிட்ச் ஆப்னே வந்துச்சு. நேர்ல வந்தா கடையும் சாத்தியிருக்கு. அண்ணன் போன சேதியே அங்கதான் கேட்டேன். மழை நிக்குமா? பக்கத்துக் கடையில வாங்கிப் போட்டுட்டேன். மனசுல வச்சுக்காத."

எல்லோரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். ஒருவரும் கோபமாகப் பேசவில்லை.

விதைப் பாக்கெட்டில் காலக்கெடு அச்சிட்டிருக்கும். அது கடந்தால் முளைப்புக்கு உறுதியில்லை, விற்கக் கூடாது. கொஞ்சத்தைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. மீதி கிடங்கிலேயே கெடு தாண்டியது. பொங்கல் கழிந்து கடையைக் காலி செய்தார்கள். நர்மதா ஆத்தூரில் ஒரு விதைக் கம்பெனியில் வேலைக்குப் போனாள். போகிற அன்று என் காலில் விழுந்து கும்பிட்டாள். அவள் எதையும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

போனை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நம்பர் போய்விடாமல் கெடு வருமுன் பணம் போட்டுவருகிறேன். இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அரியலூர் பஸ்ஸில் எதிரே இருந்த பெண்ணின் மடியில் அந்தப் பை இருந்தது. துணி வெளுத்து, ஒரு காதை வேறு நூலால் தைத்திருந்தார்கள். நம்பரை என் இருக்கையிலிருந்தே படிக்க முடிந்தது. இறங்கும்வரை வேறு பக்கம் பார்க்க முடியவில்லை.

மழை பெய்தால் இன்னும் கூப்பிடுகிறார்கள். "சின்னதுரை அண்ணனுங்களா?" என்பார்கள். தம்பி இறந்துவிட்டான், கடை இல்லை என்று சொல்லிவிட்டு நர்மதாவின் நம்பரைக் கொடுக்கிறேன். அவள் கம்பெனி விதை இந்தப் பக்கம் வருவதில்லை. இருந்தாலும் கொடுக்கிறேன்.

பெண்பிள்ளைக்குக் கடை நடத்தத் தெரியவில்லை, தகப்பன் கண்மூடியதும் மூடிவிட்டாள் என்று பாடாலூர் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். மழை பெய்த அந்த நாட்களில் போன் பீரோவுக்குள் அணைந்து கிடந்தது. சாவி என்னிடம் இருந்தது. அவள் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.