தெறித்த சிவப்பு இதழ்

பழைய நகைக் கடையின் பின்னறையில் கால் வைத்ததுமே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். "எங்கம்மா பதக்கத்தை மாத்திட்டுப் போலியை வெச்சிருக்காங்க. உண்ட வீட்டுக்கு ரெண்டகம்!"

அண்ணிக்காரி பல்லைக் கடித்தாள். மாமியார் போன பிறகு, கலர் கலராக இதழ் வைத்த அந்த வெள்ளிப் பூப் பதக்கம் அவள் பீரோவில்தான் இருந்தது. சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் இப்போது அவளுக்குத் திருடி என்றே பெயர். இந்தக் கடைக்கார அம்மாவும் 'போலி' என்று சொல்லிவிட்டால் அந்தப் பெயர் சாகும்வரை போகாது. அவள் புருஷனோ குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். கட்டினவளுக்காக ஒரு வார்த்தை பேசினால் முத்தா உதிர்ந்துவிடும்?

"நானே ஊசியால குத்திப் பார்த்தேம்மா. சிவப்பு இதழ்ல பொசுக்குன்னு இறங்குச்சு" என்றாள் நாத்தனார்.

"மத்த இதழ்ல?" என்று கேட்டாள் கடைக்கார அம்மா.

"எதுக்கு? ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்."

கடைக்கார அம்மா லென்ஸைக் கண்ணில் வைத்து, பச்சை இதழில் ஊசியை லேசாக இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது, கீறலே விழவில்லை. "இது கண்ணாடி. பொடியாப் போட்டு உலையில உருக்கினது. இதழைச் சுத்தியிருக்கிற வெள்ளிக் கம்பியோரம் லேசா ஏறி, கம்பியோட ஒண்ணாப் பிடிச்சிருக்கு பாருங்க. சிவப்பு அப்படியில்ல. ஓரத்துல மயிரிழை இடைவெளி. நெருப்பே பார்க்காத பிசின், ஊத்திக் காயவெச்சிருக்காங்க."

"சொன்னேன்ல!" நாத்தனார் துள்ளினாள்.

"அட, பொறுங்க." அந்தம்மா பதக்கத்தைத் திருப்பினாள். பின்பக்கமும் நீலக் கண்ணாடி. "மெல்லிசுத் தகட்டுல முன்னாடி மட்டும் கண்ணாடி உருக்கினா, ஆறும்போது தகடு வளைஞ்சு எல்லாம் தெறிச்சுடும். அதான் பின்னாடியும் பூசிச் சுட்டிருக்காங்க. அச்சுல வார்த்துக் கலர் ஊத்துற போலிக்காரனுக்கு இந்த வேலை தேவையில்லையே, பின்பக்கத்தைச் சொரசொரன்னு விட்டுடுவான். இது பழைய அசல்தான். சிவப்புக்கு நேர் பின்னாடி விரிசல் இருக்கு. கீழே விழுந்து அந்த ஒரு இதழ் தெறிச்சிருக்கு, யாரோ அடைச்சிருக்காங்க. பிசின் இன்னும் பழுத்து மஞ்சளாகல, சமீபத்து வேலை."

அண்ணிக்காரிக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. அதையும் முழுசாக விடவிடவில்லை நாத்தனார். "அப்போ போட்டு உடைச்சது நீங்க!"

அவள் உடைக்கவில்லை. பீரோச் சாவி இன்னொருத்தரிடமும் உண்டு. திரும்பிப் பார்த்தாள். புருஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"கை தவறிடுச்சு" என்று முனகினான் அவன். "தங்கச்சி மனசு கஷ்டப்படுமேன்னு அடைச்சு வெச்சுட்டேன்."

"என்னை ஊரே திருடின்னுச்சே, அப்போ?"

நாத்தனார் குரல் சட்டென்று வெண்ணெயாக உருகியது. "விடுங்க அண்ணி. அண்ணன் என்ன வேணும்னா செஞ்சாரு?"

அடிப்பாவி! அண்ணிக்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதக்கத்தை நாத்தனார் பக்கம் தள்ளிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்கம்மா பதக்கம், பத்திரமா எடுத்துட்டுப் போ. உங்கண்ணனையும் கூட்டிட்டுப் போ. ரெண்டுமே எனக்கு வேண்டாம்."