ஒரே கையில் வேலை முடியும்

அந்த அலுவலகத்தின் மேலாளருக்கு எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் 'அதனாலென்ன'. அவர் காதுபடச் சொல்வதில்லை, ஆனால் அவருக்கும் தெரியும். சின்னச் சின்ன சமையலறைச் சாதனங்களை இணையத்தில் விற்கும் கம்பெனி அது. மிக்ஸி, கெட்டில், டோஸ்டர், காய் நறுக்கும் சாப்பர் என்று எது வந்தாலும் கூடவே தொழிற்சாலையிலிருந்து ஒரு விவரத்தாள் வந்துவிடும். மோட்டார் இத்தனை வாட், கிண்ணம் இத்தனை மில்லி, பிளேடு இன்ன எஃகு. மனுஷர் படிக்கிற மாதிரியா இருக்கும்? அதைப் படித்து, வாங்குகிறவருக்கு உறைக்கிற மாதிரி ஐந்து பாயிண்டாக எழுதுவதற்கென்றே அங்கே இருந்தவள் அவள். எழுதிக்கொண்டுபோய் நீட்டினால் மேலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்.

"மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணம். சரி. அதனால என்ன?"

"வெங்காயத்தை உள்ளேயே நறுக்கிடும் சார்."

"அதனால என்ன?"

"கண்ணு எரியாது சார்."

"அப்பா, வந்துட்டே. இதை முன்னாடி போடு, கிண்ணத்தைப் பின்னாடி தள்ளு. போன்ல பாக்கிறவன் முதல் நாலு வார்த்தையைத்தான் படிப்பான்."

கேட்டுக் கேட்டு அது அவளுக்குக் கைவந்துவிட்டது. கெட்டிலில் தானாக நிற்கும் சுவிட்ச் என்றால், 'அடுப்பை மறந்த மாதிரி பதற வேண்டாம்' என்று எழுதுவாள். டோஸ்டரில் கழற்றும் தட்டு என்றால், 'தூளைத் தட்டினால் போதும், தலைகீழாகக் கவிழ்க்க வேண்டாம்' என்பாள். எந்த இரும்புத்துண்டைக் காட்டினாலும் அது யாருடைய எந்தக் கஷ்டத்தைக் குறைக்கும் என்று சொல்லிவிடுவாள். வெளியார் கஷ்டமெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்தச் சாப்பருக்கு அவள் எழுதியது கம்பெனியே பேசிக்கொண்ட வரி. மோட்டார் மேலே இருக்கும் மாடல் அது. கிண்ணத்தின் மேல் மூடியைத் திருகிப் பூட்டி, தலையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். விவரத்தாளில் 'மேல் அழுத்து சுவிட்ச்' என்று வறட்டு வறட்டென்று இருந்ததை அவள் இப்படி ஆக்கினாள்: 'ஒரே கையில் வேலை முடியும்: மேலே அழுத்தினால் போதும், இன்னொரு கை அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்.' 'அதனாலென்ன' அன்று இரண்டாவது தடவை கேட்கவேயில்லை. படம் எடுக்கிறவர் அதற்கு ஒரு படம் வேண்டுமென்று அவள் கையையே கேட்டார். எல்லாவற்றையும் பூட்டித் தயாராக வைத்திருந்தார், அவள் போய் ஒரு கையை வைத்து அழுத்திவிட்டு வந்தாள். சாப்பர் சமர்த்தாக ஓடியது. மூடியை அவள் திருகிப் பார்க்கவில்லை, அப்படிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வீட்டில் வெங்காயம் நறுக்குவது அவள்தான். முன்பு அப்படியில்லை. அவள் கணவர் பஸ் ஓட்டியவர், காலை ஷிப்ட் முடித்து வந்து சமையலறையில் நுழைந்தால் யாரையும் உள்ளே விடமாட்டார். கல்யாணமான புதிதில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நறுக்குவதைப் பார்த்துவிட்டு, "கத்தியைக் குடு, உன்னை அழவச்சேன்னு எனக்குக் கெட்ட பேர் வரும்" என்று வாங்கிக்கொண்டவர். பிறகு ஒருநாள் பக்கவாதம் வந்தது. காலுக்கு மெல்ல மெல்ல உயிர் திரும்பியது. வலது கைக்குத் திரும்பவில்லை. மேஜைமேல் வைத்தால் வைத்த இடத்தில் கிடந்தது.

அன்றிலிருந்து அவரை அவள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். கத்தியைத் தொடவிடமாட்டாள், சூடான பாத்திரத்தின் பக்கம் விடமாட்டாள். ஹாலில் உட்காரவைத்துவிட்டு எல்லாவற்றையும் தானே செய்தாள். வெங்காயம் நறுக்கும் நேரம் மட்டும் அவளுக்கென்று இருந்தது. அப்போது அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

பொருள் பக்கத்தின் அடியில் வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் போடுவதும் அவள் தலையில்தான். ஒரு மதியம் சாப்பருக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. பெயர் இல்லை, 'வாடிக்கையாளர்' என்று மட்டும் இருந்தது.

'ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர் இதை யார் உதவியும் இல்லாமல் பயன்படுத்த முடியுமா?'

அவளுக்கு மனசு இளகிவிட்டது. தன் வீட்டில் இருப்பதைப்போல எங்கேயோ ஒருவர் இருக்கிறார், பாவம். நன்றாகப் பதில் சொல்ல வேண்டும் என்று விவரத்தாளை எடுத்துப் பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் வழுக்காத ரப்பர் வளையம் என்று போட்டிருந்தது. வழுக்காது என்றால் நகராது, நகராது என்றால் பிடித்துக்கொள்ள வேண்டாம். கணக்கு சரியாக வந்தது. 'நிச்சயமாக முடியும். அடியில் ரப்பர் வளையம் இருப்பதால் கிண்ணம் அசையாது. ஒரே கையால் நிம்மதியாகப் பயன்படுத்தலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அப்போதுகூட தன் வீட்டுக்கு ஒன்று வாங்கலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. எங்கேயோ இருக்கிறவருக்குச் சமையலறையில் இடம் உண்டு என்று நம்பியவள், தன் புருஷனுக்கு அங்கே இனி வேலையில்லை என்று எப்போதோ முடிவுகட்டிவிட்டிருந்தாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவள் வேலைவிட்டு வந்தபோது ஹாலில் அவர் இல்லை. சமையலறை மேடையில் கண்ணாடி உரசுகிற சத்தம் கேட்டது. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மேடைமேல் கம்பெனியின் அட்டைப்பெட்டி பல்லால் கிழித்த மாதிரி கிழிந்து கிடந்தது. சாப்பர் கிண்ணத்துக்குள் இரண்டு வெங்காயம், தோல் பாதி உரிந்தும் உரியாமலும். அவர் இடது கையால் மூடியைத் திருகினார். மூடியோடு சேர்ந்து கிண்ணமும் திரும்பியது. ரப்பர் வளையம் வழுக்காமல் இருந்தது உண்மைதான், தள்ளினால் நகரவில்லை. திருகினால் மட்டும் சேர்ந்து சுற்றியது. கிண்ணத்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்துத் திருகிப் பார்த்தார். வலது கையைத் தூக்கிக் கிண்ணத்தின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தார், அது சரிந்து விழுந்தது. மூடி பூட்டிக்கொண்டு 'டிக்'கென்றால்தான் மோட்டார் ஓடும். விரல் வெட்டுப்படாமல் இருக்க வைத்த பாதுகாப்பு. 'பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் பயமில்லை' என்று அதற்கும் அவள்தான் எழுதியிருந்தாள்.

அவர் பூட்டாத மூடியின்மேலேயே பட்டனை ஓங்கி அழுத்தினார். ஒன்றும் ஓடவில்லை.

"என்னங்க..."

திரும்பினார். திருடும்போது பிடிபட்ட மாதிரி முகம் சுண்டிப்போயிற்று.

"வந்துட்டியா? நீ வர்றதுக்குள்ள முடிச்சு வச்சிடலாம்னு பாத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"உன்கிட்ட கேட்டா 'நீங்க சும்மா உக்காருங்க'ம்பே. அதான் கம்பெனியையே கேட்டேன். முடியும்னு சொன்னாங்க. ரொம்ப மரியாதையா எழுதியிருந்தாங்க."

அந்த வாடிக்கையாளர் இவர்தான். அவளையே கேட்டிருக்கிறார், அவளே பொய் சொல்லியிருக்கிறாள், அதுவும் மரியாதையாக. கீழே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாக ஓடிப்போய்க் கிண்ணத்தைப் பிடித்தாள்.

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க திருகுங்க. இப்ப வரும் பாருங்க."

அவர் கையை எடுத்துவிட்டார்.

"நீ பிடிச்சா அது உன் வேலைதானேம்மா."

"ரெண்டு பேரும் சேந்து செஞ்சா என்ன குறைஞ்சிடும்?"

"ஒண்ணும் குறையாது. ஆனா நான் நெனச்சது அது இல்ல." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அழறதுக்கு உனக்கு ஒரு சாக்கு வேணும்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். ஆனா தினமுமா? இந்த வெங்காயத்தை மட்டுமாவது உன்கிட்டேர்ந்து வாங்கிக்கலாம்னு பாத்தேன்."

அவள் கிண்ணத்தை விட்டுவிட்டாள். பிறகு, "கம்பெனில பதில் போட்டது நான்தாங்க" என்றாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அந்த ஒரே கை வரி உன்னோடதுன்னு தெரியும். அதை நம்பித்தான் கேட்டேன்" என்றார். "பதிலும் நீதானா? நல்லாதான் எழுதியிருந்தே."

சாப்பரைத் திருப்பி அனுப்புவதற்குப் போனை எடுத்தார். இடது கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று திரை காரணம் கேட்டது. அவள் எட்டிப் பார்த்து, "விவரத்தில் சொன்னபடி இல்லைன்னு போடுங்க" என்றாள்.

"அதைப் போட்டா எழுதினவங்களுக்குத்தான் கெட்ட பேர்னு நீயே சொல்லியிருக்கே."

"அது நெசம்தானே? போடுங்க. எனக்காகப் போடுங்க."

அவர் விரல் அதைத் தாண்டிக் கீழே போயிற்று. 'மனம் மாறிவிட்டது' என்பதைத் தொட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஹாலுக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த இரண்டு வெங்காயத்தையும் அவள்தான் எடுத்து நறுக்கினாள். ஹாலில் அன்று டிவி சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது, அவளுக்காகத்தான் கூட்டியிருந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கிடங்கிலிருந்து ஒரு சாப்பர் வரவழைத்து, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திருகிப் பார்த்தாள். பிறகு வரியை மாற்றி எழுதி எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். 'அழுத்த ஒரு கை போதும். மூடியைத் திருகிப் பூட்ட இரண்டு கைகளும் வேண்டும்.'

"நல்லா ஓடிட்டிருக்கிற வரிம்மா இது. எதுக்கு வலிய போய்க் குறையைச் சொல்றே?"

"சார், நீங்க எப்பவும் கேப்பீங்களே, அதைக் கேளுங்க."

அவருக்குப் புரியவில்லை. "சரி, பூட்ட ரெண்டு கை வேணும். அதனால என்ன?"

"ஒரு கை இருக்கிறவர் ஆசைப்பட்டு வாங்க மாட்டார் சார்."

அவள் வீட்டு விஷயம் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "போடும்மா" என்றார்.

தன் மேஜைக்கு வந்து, பழைய பதிலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். 'இல்லை. முடியாது. மூடியைப் பூட்ட இன்னொரு கை வேண்டும். முன்பு முடியும் என்று சொன்னது எங்கள் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.' கேள்வி கேட்டவருக்குப் பதில் மாறியது போனில் தெரிந்துவிடும். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து அவர் அதை எழுத்தெழுத்தாகப் படிப்பது அவள் கண்முன் வந்தது.

மதியம் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே 'இது உதவியாக இருந்ததா' என்று கேட்டிருக்கும், பெரும்பாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. அவள் பதிலுக்குக் கீழே 'ஒருவருக்கு உதவியது' என்று வந்திருந்தது.

பக்கத்து மேஜைக்காரி ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். சொல்லிச் சமாளிக்க அங்கே வெங்காயம்கூட இல்லை.