நூறு வீதம்

முல்லைத்தீவுச் சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கோகுலனிடம் கொடுத்தால் கையோடு வேலை முடியும் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சுதான் என்னைக் கெடுத்தது.

கடற்றொழில் செய்யும் மெல்ரொன் அண்ணையும் மனைவி ஸ்ரெல்லா அக்காவும் வந்தார்கள். பாரிசிலிருந்து தம்பி அனுப்பிய போன் நாற்பது வீதத்திலேயே அணைந்துவிடுகிறதாம். புதிது வாங்கத்தான் வந்திருந்தார்கள். கணினியில் கொழுவிப் பார்த்தேன். பற்றரி ஆரோக்கியம் எழுபத்தொரு வீதம், சார்ஜ் சுற்று ஆயிரத்து நூறு.

"மேல காட்டுற நூறு இண்டைக்குத் திண்ட சோறு, அண்ணை. ஆரோக்கியம் எண்டது வயிறு எவ்வளவு சுருங்கிப்போச்செண்டு. எண்பதுக்குக் கீழ போனா பற்றரியை மாத்த வேணும்."

"சுற்று எண்டா?" என்று அக்கா கேட்டார்.

"மொத்தமா நூறு வீதம் செலவழிஞ்சா ஒண்டு. இண்டைக்குப் பாதி, நாளைக்குப் பாதி எண்டாலும் ஒண்டுதான். இது ஆயிரம் தாண்டிட்டுது. ஆனா திரை, போர்ட் எல்லாம் நல்லாக் கிடக்கு, அப்டேற்றும் வருது. ஏன் புதுப் போன்? பற்றரியை மட்டும் மாத்துங்கோ."

சொன்னதில் பிழையில்லை. செய்ததுதான் பிழை. புதுப் பற்றரி கொழும்பிலிருந்து வர ஒரு கிழமையாகும். அதைச் சொல்ல என் வீறாப்பு விடவில்லை. உடைந்த போன் ஒன்றில் கிடந்த பழைய பற்றரியைக் கழற்றி, அவருடைய பற்றரியில் இந்த எண்களைச் சேமித்துவைக்கும் சிறு போர்ட்டை அதில் பொருத்தி, கருவியால் எண்களை மாற்றி எழுதினேன். ஆரோக்கியம் நூறு. சுற்று பூச்சியம். அண்ணை திரையைப் பார்த்துச் சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து, அண்ணையின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு அக்கா தனியே கடைக்கு வந்தார். கடலுக்குப் போன அண்ணையின் உடல் கரையொதுங்கியதை ஊரே அறியும்.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகாதேங்கோ எண்டு சொல்லியும் போனவர். நடுக்கடலில இருந்து போன் எடுத்து, இஞ்சின் நிண்டிட்டுது, போனில முப்பத்திநாலு கிடக்கு, பயப்பிடாதை எண்டார். நான் எங்க நிக்கிறியள் எண்டு கேக்காமல் கோபத்தில பேசிப்போட்டன். சட்டெண்டு போன் நிண்டிட்டுது. பிறகு எடுத்தா வேலை செய்யேல்லை. கூடத் தொழில் செய்யிற ராசுவையள் தெற்கால தேடினவை. அவர் வடக்கால நிண்டிருக்கிறார்."

நான் மேசையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன்.

"நூறு வீதம் எண்டு நீங்கள் காட்டின பற்றரி. முப்பத்திநாலில தானா நிக்காதுதானே? என்ர பேச்சுப் பொறுக்காமல் அவரா போனை நிப்பாட்டினவரோ?"

களைத்த பற்றரி பாரம் தாங்காமல் எந்த வீதத்திலும் சட்டென்று அணைந்துவிடும். அது எனக்குத் தெரியும். ஒரு வசனம் போதும், இந்தப் பெண் இன்றிரவு நித்திரை கொள்வாள். நான் கோழை.

"பற்றரியில பிழையில்லை அக்கா."

அவர் தலையாட்டினார். "அப்ப நான்தான்," என்றார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினார்.