திருத்தம் வராது என்று எழுதிய நோட்டீஸ்

சாலைக் கடைத்தெருவில் கோமதிநாயகத்தின் அரிசி மண்டிக்கு வங்கிக் கணக்கு மாறியது. வாடிக்கையாளர்களுக்கு நோட்டீஸ் எழுதும் வேலை ஜெபமலர் தலையில் விழுந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். ‘மோசடி என்று நினைத்து யாரும் பணத்தை நிறுத்திவிடக் கூடாது’ என்பதுதான் முதலாளியின் கவலை.

ஜெபமலர் கெட்டிக்காரிதான். லெட்டர்பேடில் அச்சடித்து, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, சரக்கு வண்டியிலேயே நாற்பது கடைகளுக்கும் அனுப்பினாள். லிங்க் கிடையாது, அவசரம் கிடையாது. ‘முதலில் ஒரு ரூபாய் அனுப்புங்கள். உங்கள் பழைய பில்லில் உள்ள நம்பரில் கூப்பிட்டு, வந்ததா என்று கேட்டபின் மீதியை அனுப்புங்கள். இனி திருத்தம் என்று எங்கள் பெயரில் எது வந்தாலும் நம்பாதீர்கள்.’ கடைசி வரியை எழுதியபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வெள்ளிக்கிழமை காலை கல்லாற்றுக் கடைக்கார ஞானபாய் கூப்பிட்டாள். முதலாளி கோயிலுக்குப் போயிருந்ததால் அவர் மேசை போனை ஜெபமலரே எடுத்தாள்.

“மக்களே, ஒரு ரூவா போட்டேன். போயாச்சுன்னு காட்டுது. கிட்டிச்சா?”

கிடைக்கவில்லை. ஜெபமலர் செக் புத்தகத்தை எடுத்து நோட்டீஸோடு ஒப்பிட்டாள். கணக்கு எண்ணில் 47 இருக்க வேண்டிய இடத்தில் 74. அந்த ஒரு ரூபாய் முகம் தெரியாத யாருடைய கணக்கிலோ விழுந்திருக்கிறது.

“அக்கா, மீதியைப் போடாதீங்க. நம்பர்ல தப்பு. சரியான நம்பரைச் சொல்லுதேன்…”

“அது வேண்டாம். திருத்தம்னா நம்பாதேன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? முதலாளி சொல்லட்டும், கேட்டோ” என்று வைத்துவிட்டாள்.

தன் வாயாலேயே கெட்டது தவளை. எல்லோருமா ஒரு ரூபாய் போட்டுப் பார்ப்பார்கள்? அவசரக்காரர் ஒருவர் லட்சத்தைத் தள்ளிவிட்டால்? கடை கடையாகக் கூப்பிட்டாள். “இப்போ பணம் போடாதீங்க” என்று மட்டும் சொன்னாள். போடாதே என்பதை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் சரியான நம்பரை அவள் சொல்லி ஒருவரும் கேட்கப் போவதில்லை. முதலாளியிடம் மறைக்கவும் வழியில்லை.

அவர் வந்ததும் நோட்டீஸையும் செக் புத்தகத்தையும் முன்னால் வைத்தாள். “தப்பு பண்ணிட்டேன் முதலாளி. நாற்பது பேர்கிட்டயும் பேசியாச்சு. ஒரு ரூவா மட்டும்தான் போச்சு. வேற யாரும் பணம் போடல.” வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டி இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. மறுபடியும் ஞானபாய்.

“ஆமாம்மா, தப்புதான்” என்றார் கோமதிநாயகம். “யாரு எழுதினதா? வாசிக்காம கையெழுத்துப் போட்டது நானாக்கும்.”

வாயைப் பொத்திக்கொண்டு ஜெபமலர் அரிசி மூட்டைகளின் பக்கம் திரும்பி நின்றாள். அழுகை நிற்கவில்லை.

“பிள்ளே, அழுகை பெறவு. நம்பரை வாசி, நான் சொல்லிக் குடுக்கேன்” என்றார். “ஒவ்வொரு எண்ணா வாசி.”