முதல் நாள் எங்களுக்கு

ஒரு கல்லூரிக்கு வளாக ஆளெடுப்பு அழைப்பை அனுப்பிய அன்று அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் ஆளெடுப்புப் பிரிவில் சேர்ந்து அவள் தனியாக எழுதிய முதல் கடிதம் அது. இரண்டு வேலைகள்: பயிற்சிப் பொறியாளர், வாடிக்கையாளர் உதவிப் பணி. தகுதி: பத்தாம் வகுப்பு தொடங்கிக் கல்லூரி வரை எல்லாவற்றிலும் அறுபது சதவீதம், எழுதி முடிக்காத அரியர் எதுவும் இருக்கக் கூடாது. தேதிகள் இரண்டு, ஒன்று மாத நடுவில், மற்றொன்று மாதக் கடைசியில். ஆன்லைன் தேர்வுக்கு ஒரு கணினிக் கூடம், நேர்காணலுக்கு நான்கு அறைகள். எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தாள். 'இந்த ஆண்டு உங்கள் வளாகத்துக்கு முதலில் வரும் நிறுவனமாக நாங்கள் இருக்க விரும்புகிறோம். முதல் தேதியையே தருமாறு வேண்டுகிறோம்.'

அந்த வரியை யாரும் சொல்லித் தரவில்லை. எந்த நிறுவனம் முதலில் நுழைகிறதோ அதற்குத்தான் நல்ல பிள்ளைகள் கிடைப்பார்கள் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. தனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள அவள் ஆசைப்பட்டாள். அவ்வளவுதான்.

கடிதம் போன கல்லூரியின் வேலைவாய்ப்புத் தலைவர் உடனே தொலைபேசியில் வந்தார். கணினித் துறைப் பேராசிரியர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் டெசிபல். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"முதல் நாள் உங்களுக்குத்தாம்மா! அந்தத் தேதிய ஒரு சின்ன கம்பெனி கேட்டிருந்தாங்க, தண்ணி மோட்டாருக்குக் கருவி செய்றவங்க. அவங்கள மாசக் கடைசிக்குத் தள்ளிக்கிறேன். பிரின்சிபால் கையெழுத்துப் போட்டதும் பதில் மெயில் வரும். பசங்க கிட்ட சொன்னேன், ஹாஸ்டலே ஆடுது போங்க!"

அந்த மகிழ்ச்சி மறுநாள் காலை வரை இருந்தது.

மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொன்னாலே அந்தத் தளத்தில் தட்டச்சுச் சத்தம் குறைந்துவிடும்.

"இந்த வருஷம் புது ஆள் எடுக்கிறத மேலிடம் நிறுத்தி வெச்சிருக்கு. இருக்கிறவங்களுக்கே ப்ராஜெக்ட் இல்ல."

"அப்ப கேம்பஸ் டிரைவ் சார்?"

"அது நடக்கும். நிறுத்தினா வெளிய பேச ஆரம்பிச்சிடுவாங்க. போ, டெஸ்ட் வை, இன்டர்வியூ பண்ணு, தேர்வானவங்களுக்கு லெட்டர் கொடு. சேர்ற தேதி பின்னால சொல்வோம்னு போட்டுடு."

"பின்னாலன்னா எப்ப சார்?"

"வரும்போது வரும். மாசக் கடைசில மேலிடத்துல ஒரு மீட்டிங் இருக்கு, அதுல ஆள் எண்ணிக்கை முடிவாகலாம், ஆகாமலும் போகலாம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது இந்த ரூம விட்டுப் போகக் கூடாது. உன் வேலைய நிரந்தரமாக்குற கன்ஃபர்மேஷன் இன்னும் என் கிட்டதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

மிரட்டலாகக்கூட அவர் அதைச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

அவள் இருக்கைக்குப் பக்கத்து இருக்கை காலி. போன மாதம் வரை அங்கே இருந்தவர் யாரிடமோ ஏதோ வாய்விட்டுச் சொன்னதால் வேலையை இழந்தார் என்று பேச்சு. என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய காப்பிக் கோப்பை மட்டும் இன்னும் மேசையில் இருந்தது. அதை எடுக்கவும் எவருக்கும் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குப் போனால் தம்பி. போன ஆண்டு வேறொரு பெரிய நிறுவனம் அவனுடைய கல்லூரிக்கு முதல் நாள் வந்து, அவனைத் தேர்ந்தெடுத்து, கடிதமும் கொடுத்துவிட்டுப் போனது. சேரும் தேதி மட்டும் வரவில்லை. ஒரு மாணவனுக்கு ஒரு வேலை என்பது கல்லூரிகளின் விதி. ஒன்றில் தேர்வானவன் அடுத்த நிறுவனத்தின் வரிசையில் நிற்க முடியாது. அவனுக்குப் பின்னால் நின்றவர்களெல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள். முதலில் நின்றவன் வீட்டில் இருந்தான்.

"போனையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துறான்," என்றாள் அம்மா, சாப்பாடு பரிமாறிக்கொண்டே. "குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளிய அது காவல் நிக்குது."

"மா, சும்மா இரும்மா."

"நான் சும்மாதான்டா இருக்கேன். நீதான் சும்மா இருக்க."

சொல்லிவிட்டு அம்மாவே உதட்டைக் கடித்துக்கொண்டாள். தம்பி சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தான். அவனுடைய போன் ஒருமுறை அதிர்ந்தது. கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தான். ஏதோ விளம்பரம். திரும்ப வைத்தான்.

அவள் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். ஹாஸ்டலே ஆடுது என்றாரே, அந்த ஆட்டம் கண்ணுக்குள் தெரிந்தது. அவளுடைய ஒரு வரிக்காகத் தள்ளிப்போன அந்தச் சின்ன கம்பெனி உண்மையில் ஆள் எடுக்க வருகிறது. அது வருவதற்குள் நல்ல பிள்ளைகளெல்லாம் அவளுடைய கம்பெனியின் கடிதத்தை வாங்கிக்கொண்டு, வரிசையை விட்டு விலகி, போனைக் காவல் காக்கப் போய்விடுவார்கள்.

ஆண்டவனே, நான் என்ன செய்யட்டும் என்று அவள் கேட்டாள். பதில் வரவில்லை. அவர் நமக்குப் பதில் சொல்வதைவிட, நம் முன்னால் யாரையாவது உட்கார வைப்பதே வழக்கம். தம்பி மோர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், அவள் அவசரப் படிக்கட்டின் கனமான கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். சொந்தப் போனில் எண்ணைப் போட்டாள். இரண்டு முறை தவறாகப் போட்டாள்.

"சொல்லுங்கம்மா!"

அந்தக் குரல் படிக்கட்டு முழுவதும் மேலும் கீழும் ஓடியது. அவள் போனை மார்போடு அழுத்திக்கொண்டாள். கீழே எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது.

"சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க. ப்ளீஸ்."

"மெதுவாத்தான் பேசுறேன்!"

"இன்னும் மெதுவா சார். நான் ஆபீஸ் படிக்கட்டுல நிக்கிறேன்."

யாரும் அவரிடமிருந்து கேட்டிருக்க முடியாத ஒரு தணிந்த குரல் வந்தது. "என்னம்மா ஆச்சு?"

"பிரின்சிபால் கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"சாயந்தரம் போடுவார்."

எல்லாவற்றையும் கொட்ட அவளுக்குத் தைரியம் இல்லை. சொன்னதை அவர் அப்படியே எழுதி மேனேஜருக்கு அனுப்பிவிட்டால்? கோபத்தில் கம்பெனியையே இனி வராதே என்று விலக்கிவிட்டால்? நாளைக்கு அவளுடைய கோப்பையும் மேசையில் தனியாக நிற்கும்.

"சார், எங்க கம்பெனி விஷயத்த நான் பேசக் கூடாது. ஆனா முதல் நாள் வேணும்னு எழுதினது நான்தான். யாரும் சொல்லி எழுதல. அந்த வரிய நான் எழுதியிருக்கக் கூடாது. என் தம்பியும் முதல் நாள்ல தேர்வானவன் சார். ஒரு வருஷமா வீட்ல இருக்கான்."

பின்னணியில் ஒரு மின்விசிறியின் கிறீச்சொலி கேட்டது. அவள் சுவரில் சாய்ந்தாள்.

"புரியுதும்மா," என்றார். "என் ரூமுக்கும் அந்த மாதிரி பசங்க வராங்க. 'சார், வேற கம்பெனில உட்காரலாமா'ன்னு கேப்பாங்க. ஒருத்தருக்கு ஒரு வேலைங்கிற விதி பிரின்சிபால் போட்டது, என்னால மாத்த முடியாது. தலையக் குனிஞ்சுக்குவேன். இவ்வளவு பெரிய குரல வெச்சுக்கிட்டு அப்ப ஒரு வார்த்தை வராது."

"சார், நான் சொன்னேன்னு..."

"நீங்க ஒண்ணும் சொல்லல. உங்க தம்பியப் பத்திச் சொன்னீங்க. தம்பிக்கு நல்ல வேலையா அமையட்டும். உங்க மெயில்ல தேதி ரெண்டு இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"முதல்ல போய்ச் சாப்பிடுங்க."

அவளால் சாப்பிட முடியவில்லை. மாலைவரை கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகம் காலியாகத் தொடங்கிய நேரத்தில் கல்லூரியிலிருந்து பதில் வந்தது, மேனேஜருக்கும் ஒரு நகலோடு.

முதல் தேதியை வேறொரு நிறுவனத்துக்கு உறுதி செய்துவிட்டதாகவும், அவர்கள் முன்னரே கேட்டிருந்ததாகவும், நிறுவனம் தெரிவித்த இரண்டாவது தேதியில், மாதக் கடைசியில், அன்புடன் வரவேற்பதாகவும் அதில் இருந்தது. நடத்த வேண்டிய தேர்வுகள், கணினிக் கூடம், நான்கு அறைகள் எல்லாம் பேராசிரியர் ஒழுங்காக எழுதியிருந்தார். கடைசியாக ஒரு வேண்டுகோள்: எத்தனை பணியிடங்கள், எப்போது சேர வேண்டும் என்பதைத் தேர்வுக்கு முன்பே மாணவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று முதல்வர் விரும்புகிறார். அதில் ஒரு பொய்கூட இல்லை. அவள் வரிவரியாகப் பார்த்தாள்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒரு விரல் அவளைக் கூப்பிட்டது.

மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. "நேத்து வரைக்கும் முதல் நாள் நமக்குன்னு சொன்ன. இன்னிக்கு இப்படி எழுதுறார். திடீர்னு பணியிடம், சேர்ற தேதி எல்லாம் கேக்குறார். நீ அவர் கிட்ட பேசினியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பேராசிரியர் சாகும்வரை காட்டிக்கொடுக்க மாட்டார். பொய் வாசல்வரை வந்து நின்றது. ஆனால் அதை உள்ளே விட்டால் இன்றைக்கு மட்டும் தங்கிவிட்டுப் போகாது என்று தோன்றியது.

"பேசினேன் சார். நம்ம விஷயத்த நான் சொல்லல. முதல் நாள் கேட்டது என் தப்புன்னு சொன்னேன். என் தம்பியப் பத்திச் சொன்னேன்."

"தம்பிக்கு என்ன?"

சொன்னாள். அழக் கூடாது என்று விரல்நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டாள்.

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள்.

அவர் மேசைக்குத் திரும்பவில்லை. கண்ணாடி வழியே அந்தக் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் என் கூட இந்த வேலைல ஒண்ணாச் சேர்ந்தவர், தெரியுமா," என்றார். "அவர வெளிய அனுப்பினப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. நான் ஒண்ணும் பேசல."

அவளும் அந்த மேசைமேல் இருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"உன் கன்ஃபர்மேஷன் என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. என்னோடது இருக்குமான்னே தெரியாது." திரும்பி உட்கார்ந்து, கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மாசக் கடைசிக்குச் சரின்னு பதில் போடு. பணியிடம் எத்தனைன்னு மீட்டிங் முடிஞ்சதும் தெரிவிக்கிறோம், தெரிவிக்க முடியலன்னா வர மாட்டோம்னு எழுது. எனக்கும் ஒரு நகல் வை."

"சார்?"

"மத்த காலேஜுக்குப் போக வேண்டிய அழைப்பெல்லாம் அனுப்பிட்டியா?"

"இல்ல சார். நாளைக்குத்தான்."

"அந்த முதல் நாள் வரிய எடுத்துடு."

இருக்கைக்கு வந்து, மற்ற கல்லூரிகளுக்கான கடிதத்தைத் திறந்தாள். பயம் போகவில்லை. ஆனாலும் கடைசி வரியை அழித்தாள். பிறகு எழுந்து, பக்கத்து மேசையிலிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி, துடைத்து, உரியவருக்கு அனுப்புவதற்காகத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.