ஒன்பது நாளும் பதினாலு ரூபாய்

காதர்பேட்டையில் பனியன் கடைகளுக்கு மேலே, மூன்றாவது மாடியில் சிவராஜின் கணினி நிறுவனம் இருந்தது. கீழே பண்டல் பண்டலாகச் சரக்கு இறங்கும். மேலே அந்தப் பண்டல்களுக்கு பார்கோடு ஸ்டிக்கரும் பில் போடும் மென்பொருளும் தயாராகும். ஆறு பேர் வேலை செய்தார்கள். சிவராஜின் விசிட்டிங் கார்டில் மட்டும் நாலு நாட்டுக் கிளைகள் இருந்தன.

அந்த ஆறு பேரில் ஒருத்தி விஜயராணி. நாங்குநேரிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நாலு வருஷம் நின்றவள். தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, பின்னலில் ஊசிமுனை ஓட்டை எதுவும் அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. மாலைக் கல்லூரியில் கணினி படித்து முடித்ததும், "குத்தம் கண்டுபிடிக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமுங்க" என்று சிவராஜ் அவளைச் சேர்த்துக்கொண்டார். குற்றம் கண்டுபிடித்தால் அது யாராவது ஒருவருடைய குற்றமாகத்தான் இருக்கும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

உடுமலைப் பக்கம் கொமரலிங்கத்து விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு உற்பத்தியாளர் கம்பெனிக்கு சிவராஜ் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தார். ஆயிரத்து இருநூறு உறுப்பினர்களின் போனில் அது இருந்தது. வேலை எளிதானது. ஒரு பொது இணையதளம் தினமும் சந்தை விலைகளை ஒரு கோப்பாக வெளியிடும். சந்தை, பொருள், ரகம், குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலும் போன விலை, தேதி என்று ஏழு பத்திகள். விலையெல்லாம் நூறு கிலோவுக்கு. விஜயராணி எழுதிய நிரல் அந்தக் கோப்பை எடுத்து, நூறால் வகுத்து, கிலோ விலையாகச் செயலியில் போடும்.

போடுவதற்கு முன் செக்கிங் உண்டு. பத்திகள் ஏழுதானா? தலைப்புகள் அதே பெயர்கள்தானா? தேதி இன்றையதா? நேற்றைக்கு இருபது ரூபாய் விற்றது இன்றைக்கு இருபது பைசா என்று வருகிறதா? எதிலாவது இடறினால் கோப்பு உள்ளே நுழையாது. மூலக் கோப்பு மட்டும் தனியே பத்திரமாக இருக்கும். செயலியில் பழைய விலை அதன் பழைய தேதியோடேயே நிற்க, மேலே சிவப்பில் ஒரு வரி ஓடும்: 'இன்றைய விலை இன்னும் உறுதியாகவில்லை.'

அந்தச் சிவப்பு வரி பொன்னுச்சாமிக்குப் பிடிக்கவில்லை. அவர் கொமரலிங்கம் கம்பெனியின் செயல் அலுவலர். வெள்ளைச் சட்டை, நாலு பேனா. இணையதளத்தில் கோப்பு தாமதமாக ஏறிய ஒரு காலையில், அலுவலகம் பார்க்க வந்த வெளியூர் அதிகாரிகள் முன்னால் செயலியைத் திறந்து காட்டியிருக்கிறார். சிவப்பு.

"மானம் போச்சுங்க சிவராஜ்" என்று போனில் கதறினார். "பெருமையா காட்டலாம்னு தொறந்தா, உறுதியாகலைன்னு வருதுங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நாங்களே எழுதி ஒட்டுன மாதிரி இருக்குதுங்க."

சிவராஜ் விஜயராணியைக் கூப்பிட்டார். "அம்மிணி, அந்தச் செவப்பை எடுத்துரு. கோப்பு வரலீன்னா முந்தின நாள் வெலையவே போட்டு, இன்னைக்குத் தேதி வெச்சிரு."

"சார், அது பொய்யாயிரும்லா?"

"பொய் எங்க வந்துச்சு? ஒரு நாளைக்கு வெலை எவ்வளவு மாறிடும்? கடையில புதுச் சரக்கு இல்லீன்னா ஷோகேஸைக் காலியாவா வெக்கறாங்க? பழசையே மடிச்சு வெக்கறாங்கல்ல?"

"பழைய பனியன்ல இன்னைக்குத் தேதி போட மாட்டாங்க சார்."

சிவராஜ் சிரித்தார். பேச்சுக்குச் சிரிப்பார், முடிவை மாற்ற மாட்டார். வேலையை இன்னொரு பையனிடம் கொடுத்து மாற்றிவிடவும் அவருக்குத் தெரியும். அப்படி மாற்றினால் செக்கிங்கும் சேர்ந்து போய்விடும் என்று பயந்து, விஜயராணி தானே செய்தாள். கோப்பு தடைபட்டால் எச்சரிக்கை மின்னஞ்சல் போகும் ஏற்பாட்டை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டாள். "அது எனக்கு வரட்டும், முதலாளிக்குத் தெரியாம எதுவும் நடக்கக் கூடாது" என்றார் சிவராஜ். அவர் பெட்டியில் படிக்காத மின்னஞ்சல்கள் பதினோராயிரம் இருந்தன.

ஜனவரி முதல் வாரம் அவளை வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறைக்கு பார்கோடு வேலைக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் தேதி இணையதளம் தன் கோப்பை மாற்றியது. காய்கறிகளுக்கு இனி கிலோ விலை, தானியங்களுக்கு நூறு கிலோ விலை. எது எதற்கு என்று சொல்ல 'அலகு' என்று எட்டாவது பத்தி. முகப்புப் பக்கத்தில் ஒரு வாரம் முன்பே அறிவிப்பும் போட்டிருந்தார்கள். அதைப் படிக்க வேண்டியவர்கள் யாரும் படிக்கவில்லை.

செக்கிங் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு என்று கோப்பை நிறுத்தியது. சிவராஜுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. மறுநாளும் நிறுத்தியது, மறுநாளும் அனுப்பியது. செயலியோ எட்டாம் தேதி விலையை எடுத்து, தினமும் காலையில் குளித்துப் பொட்டு வைத்தது போலப் புதுத் தேதி இட்டு நிறுத்தியது. தக்காளி கிலோ பதினாலு ரூபாய்.

ஒரு புகாரும் வரவில்லை. பொன்னுச்சாமி பூரித்துப்போனார். சிவப்பே காணோம். "இப்பத்தான் ஆப் நெலைக்கு வந்துருக்குதுங்க" என்று இயக்குநர் கூட்டத்தில் சொன்னார். "வெலையும் ஒரு சீரா இருக்குது, பாருங்க." கூட்டம் கைதட்டியது. குறிப்பேட்டில் சிவராஜுக்குப் பாராட்டும் எழுதினார்கள்.

அவர்களை விடவும் அந்தச் செயலியை மெச்சியவர் ஒருவர் இருந்தார். ஆத்தப்பன். தோட்டத்துக்கே வேன் கொண்டுவந்து தக்காளி எடுக்கும் வியாபாரி. செயலி வந்த புதிதில் அதைக் கரித்துக்கொட்டியவர், இந்த ஒரு வாரமாகப் போகிற தோட்டமெல்லாம் போனை நீட்டிக் காட்டினார். செயலியைப் போனில் இறக்கி வைக்காதவர்களுக்குத் தானே இறக்கியும் கொடுத்தார்.

வேலாத்தாளிடம் பத்தாம் தேதி இருபத்திரண்டு பெட்டி, பதிமூன்றாம் தேதி இருபத்தாறு பெட்டி எடுத்தார். வேலாத்தாள் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டிருந்தவள், கம்பெனியில் பங்குதாரர்.

"இன்னுங் கொஞ்சம் சேத்திக் குடுங்க" என்று கேட்டதற்கு, "அக்கா, நானா சொல்றேன்? உங்க கம்பெனி ஆப்பு சொல்லுது. வேணும்னா உங்களுக்காகப் பதினாலரை" என்று தாராளம் காட்டினார். அரை ரூபாய் கூடக் கிடைத்ததே என்று வேலாத்தாள் காப்பியும் வைத்துக் கொடுத்தாள்.

பொங்கலன்று காலை, பழக்கத்தில் செயலியைத் திறந்தாள். உடுமலைச் சந்தை, தக்காளி, பதினாலு ரூபாய், இன்றைய தேதி. சந்தைக்கே லீவு, இதென்ன விலை என்று நினைத்தாள். பொங்கல் வைக்கிற அவசரத்தில் அது அப்படியே நின்றது. பதினேழாம் தேதி மாட்டுக்குக் கயிறு வாங்க உடுமலைக்குப் போனவள், சந்தைக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். தக்காளி கிலோ முப்பத்தொன்றுக்கு ஏலம் போய்க்கொண்டிருந்தது. எப்போதிருந்து என்று கேட்டாள். பத்து நாளாக ஏறுமுகம்தான் என்றார்கள்.

அங்கேயே நின்று செயலியில் இருந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். அது விஜயராணியின் எண். புகார் வருமிடத்தில் சிவராஜ் தன் எண்ணைப் போடுவதில்லை.

"ஏங்கண்ணு, பொங்கலன்னைக்கு எந்தச் சந்தையில பதினாலு ரூவாய்க்குத் தக்காளி வித்தாங்கன்னு சொல்லு. நான் போயி அவங்களைப் பாக்கோணும்."

விஜயராணி சாயப்பட்டறையில் ஈரக் காலோடு நின்றிருந்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அம்மா, தப்பு எங்க பேர்லதான். ஒரு மணி நேரத்துல பாத்துச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுக் காதர்பேட்டைக்கு பஸ் ஏறினாள். அன்றைக்கே அந்தப் பழைய விலைகளைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை கொமரலிங்கம் அலுவலகத்தில் கூடினார்கள். பொன்னுச்சாமி, சிவராஜ், விஜயராணி. வேலாத்தாளை யாரும் கூப்பிடவில்லை. அவளே வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

சிவராஜ் முந்திக்கொண்டார். "எல்லாம் இந்தச் செக்கிங்கால வந்ததுங்க. இது தடுக்காம இருந்திருந்தா புது வெலை தன்னால உள்ள போயிருக்கும்."

"போயிருக்கும் சார்" என்றாள் விஜயராணி. "முப்பத்தொண்ணை நூறால வகுத்து முப்பத்தொரு பைசான்னு போயிருக்கும். அதுகூட நல்லதுதான். எல்லாரும் சிரிச்சு அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க. பதினாலு ரூபாய் நம்புற மாதிரி இருந்துச்சு, அதான் ஒன்பது நாள் ஓடிச்சு. கோப்பு மாறும் சார், அது தப்பே இல்ல. பழைய விலைக்கு நாமதான் புதுத் தேதி போட்டோம்."

பொன்னுச்சாமி ஒரு பேனாவை எடுத்து இன்னொரு பேனா இருந்த இடத்தில் வைத்தார்.

சரிசெய்யும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. இனி நிரல் பத்திகளை இடத்தை வைத்துப் பார்க்காமல் தலைப்பை வைத்துத் தேடும்; வரிக்கு வரி அலகைப் பார்த்து மாற்றும்; தெரியாத அலகு வந்தால் அந்த வரியை மட்டும் நிறுத்தும். அந்த ஒன்பது நாளும் தடுத்து வைத்திருந்த கோப்புகளையும் போட்டுச் சோதித்தாள். பொங்கலன்று கோப்பில் உடுமலை வரியே இல்லை. மற்ற நாட்களின் உண்மை விலை அப்படியே வந்து நின்றது: பதினாறு, பத்தொன்பது, இருபத்து நாலு என்று முப்பத்தொன்று வரை.

இரண்டு நாளில் முடியாதது, அதை வெளியே சொல்லும் வாசகம். 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று தொடங்கினார் பொன்னுச்சாமி.

"அந்தக் காரணத்துக்குப் பேரு இல்லீங்களா?" என்றாள் வேலாத்தாள்.

'சிறு தாமதம்' என்றார் சிவராஜ்.

"நாப்பத்தெட்டுப் பெட்டி போனது தாமதமாங்க?"

'விலை வேறுபாடு' வந்தது, போனது. 'புதுப்பித்தல் இடைவெளி' வந்தது. அதற்கு அர்த்தம் கேட்டதும் அதுவும் போனது. கடைசியில் வேலாத்தாள், "தப்பு வெலைன்னு ரெண்டே வார்த்தைங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியும், எழுதுங்க" என்றாள். எழுதினார்கள். ஒன்பது நாளும், அன்றன்று காட்டிய விலையும், உண்மை விலையும் பட்டியலாக ஏறின. சிவப்பு வரி திரும்பியது. எச்சரிக்கை இனி விஜயராணிக்கும் பொன்னுச்சாமிக்கும் சேர்ந்து போகும்.

சிவராஜ் அசரவில்லை. அதே வாரம் 'வடிவ மாற்றப் பாதுகாப்பு' என்று ஒரு விலைப்புள்ளி அனுப்பினார். ஏற்கெனவே இருந்ததை அணைத்து மறுபடி போட்டதற்கு அது ஒரு புதுப் பெயர். கூட்டம் அதையும் கைதட்டி நிறைவேற்றியது.

வேலாத்தாள் அந்தப் பட்டியலோடு ஆத்தப்பனிடம் போனாள். அவர் போனை வாங்கி நிதானமாகப் படித்தார். "பாவம்க்கா. கம்ப்யூட்டரை நம்புனா இப்படித்தான்" என்றார்.

"நீ அந்த ஒம்பது நாளும் சந்தையிலதானே நின்ன?"

"நின்னேங்க. ஆனா ஆப்புல இருக்கறதை நான் எப்படிங்கக்கா பொய்ன்னு சொல்றது?"

அவளுடைய அடுத்த பறிப்பு முப்பது பெட்டி. விடிவதற்குள் ஒரு சரக்கு ஆட்டோவை அமர்த்தி, தானே முன்னால் ஏறி உட்கார்ந்து உடுமலைக்குப் புறப்பட்டாள்.